அழுத்தாமல் அளக்கும் கொழுப்பு

ஸ்கீ ஜம்பிங் வீரர்கள் எடை குறைந்தால் அதிக தூரம் பறக்கலாம் என்று ஆபத்தான அளவுக்கு மெலிந்தார்கள். அவர்களை ஆராய்ந்த ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர விஞ்ஞானி வோல்ஃப்ராம் முல்லரின் குழு, தோலடிக் கொழுப்பை அல்ட்ராசவுண்டால் அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தியது.

பழைய முறையில் தோலைக் கிள்ளிப் பிடித்து இடுக்கியால் அளப்பார்கள். மென்மையான கொழுப்பு அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடும். நசுங்கும் அளவு ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். அல்ட்ராசவுண்டிலும் இதே தவறு நேரலாம். கருவியின் முனையை அழுத்தினால் மெலிந்தவரின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கொழுப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியக்கூடும். அதனால் தோலின்மேல் தாராளமாக ஜெல் தடவி, முனை தோலைத் தொடாமல் ஜெல்லில் மிதக்கும்படி பிடிக்கிறார்கள். படத்தில் தோலுக்கு மேலே ஜெல் ஒரு கருப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். அது இல்லாத படத்தை நம்பக் கூடாது.

படுத்த நிலையில் வயிறு, முதுகு, கை, தொடை, கெண்டைக்கால் என எட்டு இடங்களில் அளந்து கூட்டுவார்கள். ஒரு திருத்தமும் தேவை. பொதுவாகக் கருவிகள் ஒலிவேகத்தை நொடிக்கு 1540 மீட்டர் என்று கணக்கிடுகின்றன. கொழுப்பில் அது சுமார் 1450தான். ஆகவே திரையில் 10 மில்லிமீட்டர் என்றால் உண்மையில் 9.4.

இந்தக் கூட்டுத்தொகையைச் சதவீதமாக மாற்றக் கேட்பவர்கள் உண்டு. மாற்றினால் துல்லியம் போய்விடும், ஏனென்றால் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு இந்த அளவீட்டில் வருவதே இல்லை.