பழைய போன் ‘யெஸ்’ சொன்னால்தான் திறக்குமா?

புது போனில் ஜிமெயில் கணக்கைத் திறக்கும்போது, கடவுச்சொல்லைச் சரியாகப் போட்ட பிறகும், பழைய போனின் பெயரைக் காட்டி, அதற்கு அறிவிப்பு அனுப்பியிருப்பதாகவும் அதில் ‘Yes’ என்று தொட வேண்டும் என்றும் கூகுள் சொல்வதுண்டு. அந்த போனோ எக்ஸ்சேஞ்சில் போயிருக்கும், அல்லது தொலைந்திருக்கும். கணக்கோடு இணைந்த கருவிகளின் பட்டியலில் அதன் பெயர் இன்னும் நீங்காததே இதற்குக் காரணம்.

அந்தத் திரையின் கீழே ‘Try another way’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். பலரும் அதைக் கவனிப்பதில்லை. அதைத் தொட்டால், கணக்கில் முன்பே பதிந்துவைத்த மற்ற வழிகள் வரிசையாக வரும். தொலைந்தது போன் மட்டும்தான், எண் அல்ல என்றால், எஸ்எம்எஸ் குறியீடே எளிய வழி. சிம்மும் சேர்ந்து போயிருந்தால், அதே எண்ணில் மாற்று சிம் வாங்கலாம். ஆனால் இந்தியாவில் மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. குறியீடு வரவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டால், முயற்சிகள் அதிகமாகிவிட்டன என்று கூகுள் கதவைச் சாத்திவிடும். ஒரு நாள் பொறுப்பதே நல்லது.

வீட்டுக் கணினியிலோ டேப்லெட்டிலோ அதே கணக்கு திறந்தே இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தக் காரணத்துக்காகவும் அதிலிருந்து வெளியேறக் கூடாது. myaccount.google.com என்ற பக்கத்தில் ‘Security’ பகுதிக்குள் ‘Your devices’ பட்டியல் இருக்கும். அதில் பழைய போனைத் தேர்ந்து ‘Sign out’ கொடுத்தால், அனுமதி கேட்கும் அறிவிப்பு இனி அதற்குப் போகாது. கடவுச்சொல்லை மாற்றினாலே போதும் என்று நினைப்பது தவறு. சரிபார்ப்புக்குப் பயன்படும் கருவிகளை கூகுள் அப்போதும் வெளியேற்றாமல் விடக்கூடும். ஆகவே போன் பிறர் கையில் இருந்தால் இரண்டையும் செய்ய வேண்டும்.

எந்த வழியும் இல்லாதவர்களுக்கு g.co/recover இருக்கிறது. வழக்கமாகக் கணக்கைத் திறந்த கணினி, அதே பிரவுசர், வீட்டு வைஃபை ஆகியவற்றிலிருந்து விண்ணப்பிப்பது முக்கியம். உரியவர்தானா என்பதை கூகுள் இவற்றை வைத்தும் கணிக்கிறது. நண்பரின் போனிலிருந்து முயன்றால் வாய்ப்பு குறையும். பழைய கடவுச்சொல் நினைவிருந்தால் அதையே தரலாம். இத்தனை செய்தும் சில கணக்குகள் திரும்புவதில்லை என்பதே உண்மை.

இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பவர்களுக்கு ‘Backup codes’ என்ற பெயரில் எட்டு இலக்கக் குறியீடுகள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றை அச்சிட்டு, போனுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.

கணக்கை மீட்டுத் தருவதாக இணையத்தில் காணப்படும் ‘கஸ்டமர் கேர்’ எண்களை அழைக்க வேண்டாம். கணக்கு மீட்புக்கு கூகுள் தொலைபேசிச் சேவை எதையும் நடத்தவில்லை.