நிறமும் எண்ணும்: காரின் பிளேடு ஃபியூஸ்

இன்றைய கார்களில் உள்ள ஃபியூஸ்களில் பெரும்பாலானவை பிளேடு வகை. நிறமுள்ள சிறு பிளாஸ்டிக் தலை, அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தட்டையான உலோகக் கால்கள், இரண்டையும் தலைக்குள் இணைக்கும் மெல்லிய உலோகப் பட்டை. அவ்வளவுதான் அதன் உடல். 1976-இல் அமெரிக்காவின் லிட்டில்ஃபியூஸ் நிறுவனம் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அங்கே கார்களில் இருந்தவை கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள். எல்லாம் ஒரே மாதிரி தோன்றும், எண்ணைப் படிக்க உலோக மூடியை உற்றுப் பார்க்க வேண்டும். பிளேடு ஃபியூஸில் பிளாஸ்டிக்கின் நிறமே எண்ணைச் சொல்லிவிடுகிறது.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். 15 என்று போட்டிருந்தால் அந்த ஃபியூஸ் 15 ஆம்ப் மின்சாரத்தைப் பொருளுக்குக் ‘கொடுக்கும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. பொருள் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். ஃபியூஸ் முதன்மையாகக் காப்பது அந்தப் பொருளையும் அல்ல, ஃபியூஸ் பாக்ஸிலிருந்து பொருள் வரை தரைவிரிப்புக்கு அடியிலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் ஓடும் ஒயரை. ஒயரின் கனம் எவ்வளவு மின்சாரத்தைச் சூடேறாமல் தாங்குமோ, அதற்குக் கீழே இருக்கும்படி தயாரிப்பாளர் ஃபியூஸின் எண்ணைத் தீர்மானிக்கிறார். மொத்தச் சுற்றில் ஓரிடம் உருகித்தான் ஆக வேண்டுமென்றால் அது கைக்கு எட்டும் ஃபியூஸாக இருக்கட்டும் என்பதே ஏற்பாடு.

10 ஆம்ப் ஃபியூஸ் 10 ஆம்பைத் தாண்டிய நொடியே போய்விடும் என்பதும் இல்லை. ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 13.5 ஆம்ப் ஓடினால், அது உருகப் பத்து நிமிடம் வரை ஆகலாம். 20 ஆம்ப் ஓடினால் ஐந்து நொடிக்குள் போய்விடும். நேரடி ஷார்ட் என்றால் கண் இமைப்பதற்குள். இப்போது அந்த இடத்தில் யாரோ 20 ஆம்ப் ஃபியூஸைச் செருகிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து நொடியில் நின்றிருக்க வேண்டிய 20 ஆம்ப் இனி நிற்காமல் ஓடும். ஒயரில் உண்டாகும் சூடு மின்சாரத்தின் இருமடிப்படி கூடுவதால், அது 10 ஆம்பில் தாங்கிய சூட்டைப்போல் நான்கு மடங்கைத் தாங்க வேண்டிவரும். ஒயரின் உறை இளகும், பக்கத்து ஒயரோடு ஒட்டும். புகை வரும்போது ஃபியூஸ் முழுசாகவே இருக்கும்.

வழக்கமான பிளேடு ஃபியூஸ்களில் அடிக்கடி கண்ணில் படும் நிறங்கள் ஏழுதான். இளம்பழுப்பு 5 ஆம்ப், அடர்பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாத வெள்ளை 25, பச்சை 30. மூன்று ஆம்புக்கு ஊதா, 40-க்கு ஆரஞ்சு என்று இன்னும் சில உண்டு. இவற்றில் தவறு நேர்வது முதல் இரண்டு பழுப்புகளில்தான். இரவில், செல்போன் வெளிச்சத்தில், ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்ப்பவருக்கு 5-உம் 7.5-உம் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே தேட நிறம், உறுதிசெய்யத் தலையில் அச்சிட்டிருக்கும் எண்.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே நிறம் எல்லா அளவு ஃபியூஸிலும் ஒரே எண்ணைக் குறிப்பதில்லை. சுமார் 19 மில்லிமீட்டர் அகலமுள்ள வழக்கமான அளவிலும், 11 மில்லிமீட்டர் அகலமுள்ள மினியிலும் சிவப்பு என்றால் 10 ஆம்ப். பானட்டுக்குக் கீழுள்ள பெட்டியில் இருக்கும் அகன்ற மேக்ஸி ஃபியூஸிலோ சிவப்பு 50 ஆம்ப், நீலம் 60. பெட்டி வடிவ ஃபியூஸ்களுக்கு வேறு கணக்கு. அவற்றில் பச்சை 40 ஆம்ப். நல்லவேளையாக இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஆனால் கடையில் ‘சிவப்பு ஃபியூஸ் கொடுங்கள்’ என்று கேட்பது போதாது. போன ஃபியூஸையே கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது, ஏனென்றால் மினியிலேயே உயரம் குறைந்த ஒரு வகை உண்டு. கால்கள் தலைக்குக் கீழே வெளியே வராமல் பக்கவாட்டிலேயே நின்றுவிடும்.

ஒரு சாதாரணச் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம். செல்போன் சார்ஜரைச் செருகும் 12 வோல்ட் சாக்கெட் திடீரென்று வேலைசெய்யவில்லை. மூடியில்லாமல் கிடந்த அந்தக் குழியில் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு ரூபாய் நாணயம். குழியின் உள்விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். 2019-இல் வந்த புதிய ஒரு ரூபாயின் விட்டம் 20. அளவெடுத்துச் செய்ததுபோல் உள்ளே இறங்கி, அடியிலுள்ள மின்முனையையும் குழியின் உலோகச் சுவரையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டது. மின்முனையில் பாசிட்டிவ், சுவரில் எர்த். இதைவிடத் தெளிவான ஷார்ட் கிடையாது.

முதலில் சாவியை அணைத்து எடுத்துவிட வேண்டும். நாணயத்தை உடனே கிளறக்கூடாது, முதலில் ஃபியூஸ். அது எங்கே என்பதை ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறத்திலுள்ள படமோ, வண்டியோடு வந்த கையேடோ காட்டும். பல கார்களில் இரண்டு பெட்டிகள் இருக்கும்: டாஷ்போர்டுக்குக் கீழே ஒன்று, என்ஜின் அருகே ஒன்று. சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் உள்பெட்டியில் இருக்கும். படத்தில் 15 என்று இருக்கிறது என்று கொள்வோம். அந்த இடத்தில் இருப்பதும் நீலமா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டியென்றால் இது முக்கியம், முன்பு யாரோ மாற்றி வைத்ததையே சரியானது என்று நம்பிவிடக்கூடும். படம் சொல்வதுதான் கணக்கு, குழியில் இருப்பது அல்ல.

கழற்றுமுன் அது போனதுதானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பிளேடு ஃபியூஸின் தலைமேல் இரு ஓரத்திலும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை வண்டியின் பாடியில் மாட்டி, சாவியைப் போட்டு, முனையால் இரண்டையும் மாறிமாறித் தொட்டால் போதும். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கே மின்சாரம் வரவில்லை, கோளாறு அதற்கு முன்னால் எங்கோ.

மறுபடி சாவியை அணைத்து, பெட்டிக்குள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் இடுக்கியால் ஃபியூஸைப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி எடுத்தால் உள்ளே காலைப் பிடித்திருக்கும் கவ்விகள் அகன்றுவிடும். உலோகக் குறடு வேண்டாம். எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்தால் பெரும்பாலும் கதை தெரிந்துவிடும். பட்டை ஆவியாகி, பிளாஸ்டிக் சன்னல் கறுத்து உலோகத் துளிகள் தெறித்திருந்தால் ஷார்ட். கறை இல்லாமல் பட்டை நடுவில் மட்டும் இளகி அறுந்திருந்தால், அளவுக்கு மேல் சுமை கொஞ்சநேரம் ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். நாணயம் விழுந்த சாக்கெட்டின் ஃபியூஸ் கறுத்தே இருக்கும். நாணயம் இல்லாமல் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு ஓடும்போது போயிருந்தால் இரண்டாவது வகையை எதிர்பார்க்கலாம். 120 வாட் பம்பு 12 வோல்ட்டில் இழுப்பது 10 ஆம்ப். அதே ஃபியூஸிலுள்ள இன்னொரு சாக்கெட்டில் வேறேதாவது ஓடினாலோ, பம்பு இறுகிக்கொண்டாலோ 15-ஐ எளிதில் தாண்டும்.

ஃபியூஸ் வெளியே வந்துவிட்டால் சாக்கெட்டில் மின்சாரம் இல்லை. இப்போது நாணயத்தை எடுக்கலாம். பிறகு அதே அளவு, அதே 15 ஆம்ப் புது ஃபியூஸை இரு கால்களும் கவ்வியில் இறங்கும்வரை விரலால் அழுத்திச் செருக வேண்டும். பாதி இறங்கிய ஃபியூஸ் வேலைசெய்யும், ஆனால் சூடாகும்.

கையில் 15 இல்லையென்றால் 10 போடலாம். சுமை கூடினால் முன்கூட்டியே போகும், அவ்வளவுதான். 20 கூடாது. ஹார்ன் போன்ற அவசியமானது போய் வழியில் நிற்க நேர்ந்தால், சாக்கெட்டிலிருந்தோ பாட்டுப்பெட்டியிலிருந்தோ அதே எண் ஃபியூஸை எடுத்துப் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். வீட்டு ஃபியூஸ் கேரியரில் கம்பி சுற்றிப் பழகிய கை இங்கேயும் ஒயர் இழையைச் சுற்றப் பார்க்கும். வீட்டிலாவது அதற்கென்று அளவு பார்த்து விற்கும் ஃபியூஸ் கம்பி உண்டு. காரில் சுற்றும் செம்பு இழைக்கும் ஈயத்தாளுக்கும் எத்தனை ஆம்பில் உருகும் என்ற கணக்கே கிடையாது. மிக மலிவான கலப்படப் பாக்கெட்டுகளும் இதே ரகம்தான். தலையில் 15 என்று இருக்கும், பட்டை உருகுவதற்குள் பிளாஸ்டிக் உருகும்.

புது ஃபியூஸும் உடனே போனால் மூன்றாவதைச் செருகுவது வீண். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் இதற்கு ஒரு போன ஃபியூஸின் இரு கால்களோடு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஒயரில் இணைத்து வைத்திருப்பார்கள். அதை ஃபியூஸின் இடத்தில் செருகினால், ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஓடும் மின்சாரமோ 2 ஆம்புக்கும் குறைவு. சாக்கெட்டின் பின்னால் இருக்கும் கனெக்டரைக் கழற்றியதும் பல்பு அணைந்தால் கோளாறு சாக்கெட்டில். அப்போதும் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. ஏர்பேக் சுற்றில் மட்டும் இந்தச் சோதனை கூடாது; அதைப் பணிமனைக்கு விட்டுவிட வேண்டும். பேட்டரி அருகே திருகாணி போட்டு முறுக்கியிருக்கும் பெரிய ஃபியூஸ்களும் அப்படியே.

சில நேரம் ஃபியூஸை எடுத்தால் பட்டை முழுசாக இருக்கும், ஒரு கால் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருக்கும். இங்கே மின்சாரம் அளவு மீறவில்லை. கவ்வி தளர்ந்து, காலும் கவ்வியும் தொடும் இடத்தில் சூடு பிறந்திருக்கிறது. இதற்குப் புது ஃபியூஸ் மருந்தல்ல. கவ்வியை மாற்றாவிட்டால் புதியதும் சில வாரங்களில் அதே இடத்தில் இளகும்.