கைகுலுக்கும் படத்துக்குக் கீழே மூன்று வரி

இந்த வாரப் பொட்காஸ்ட்டில் ஒரு நிமிடத்தில் சொல்லி ஓடின கதையைக் கொஞ்சம் ஆறுதலா எழுதுறன்.

லண்டனில் நான் வேலை செய்யும் சொஃப்ட்வெயர் நிறுவனம் ஒரு கல்லூரியோடு அப்ரென்டிஸ்ஷிப் ஒப்பந்தம் போட்டது. படம் வந்தது: இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், பின்னால் பனர். கீழே போட மூன்று வரி எழுதச் சொன்னார் மனேஜர். நான் எழுதியது:

"எங்கள் நிறுவனமும் கல்லூரியும் பயிற்சிக்காகக் கைகோர்க்கின்றன. எங்களுக்குத் திறமையான இளைஞர்கள். கல்லூரிக்குத் தொழில் அனுபவம்."

நல்லாத்தான் இருக்குது என்று நினைச்சன். சித்தியின் மகனுக்கு அனுப்பினேன். ஏ லெவல் முடித்துவிட்டு நிற்கிறான். அவன் கேட்டது: "அக்கா, உதில சேர்ந்தா நான் உங்கட ஒஃபிஸ் ஆளா, கொலிஜ் ஆளா?"

என்னிடம் பதில் இல்லை. எச்ஆர், கல்லூரி என்று இரண்டு இடத்திலும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இங்கிலாந்தில் அப்ரென்டிஸ் என்றால் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் ஊழியர். வேலை ஒப்பந்தம் இருக்கும், சம்பளம் வரும். பயிற்சிக் கட்டணத்தை அவரிடம் வாங்க முடியாது. அப்போ கல்லூரிக்குக் காசு எங்கேயிருந்து வருது? வருடச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுணைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரலிலிருந்து அப்ரென்டிஸ்ஷிப் லெவி கட்டுகின்றன. மொத்தச் சம்பளச் செலவில் 0.5 சதவீதம், அதில் 15,000 பவுண் கழிவு. 50 லட்சம் பவுண் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கு 25,000 வரும். கழித்தால் வருடம் 10,000. இந்தப் பணம் பயிற்சிக்கு மட்டும்தான். சம்பளத்துக்கு எடுக்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் கையை விட்டுப் போய்விடும். ஆக எங்கள் நிறுவனத்துக்கு முதல் லாபம் "திறமையான இளைஞர்கள்" இல்லை. எப்படியும் கட்டியாக வேண்டிய காசு வீணாகாமல் இருப்பது. இதை எந்தக் கப்ஷனிலும் நான் பார்த்ததில்லை.

கல்லூரியின் பக்கம் இன்னும் சுவாரசியம். இரண்டு வருடப் பயிற்சிக்கு 15,000 பவுண் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம், அதாவது 12,000, மாதம் 500 வீதம் கல்லூரிக்குப் போகும். மிச்சம் 3,000 பிள்ளை பயிற்சியை முடித்து இறுதி மதிப்பீடு வரை போனால்தான். பத்தாவது மாதம் விட்டுவிட்டுப் போனால் கல்லூரிக்குக் கிடைத்தது 5,000 மட்டும், எங்களுக்கோ பாதி பழகிய ஆள் போய்விட்டார். ஆள் நிலைத்து நிற்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் நன்மை.

ஏன் விட்டுப் போகிறார்கள் என்று கல்லூரியில் பயிற்சிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். "படிப்பு நேரம்," என்றார். கல்லூரிப் படிப்பு சம்பளம் தரும் வேலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும், அது விதி. ஆனால் ரிலீஸ் நெருங்கினால் டீம் லீட் "இந்தக் கிழமை மட்டும் வீட்டில படியுமன்" என்பார். மூன்று கிழமை அப்படிப் போனால் அசைன்மென்ட் சேர்ந்துவிடும், பிறகு பிடிக்க ஏலாது. எப்படிக் கண்டுபிடிக்கிறது? பயிற்சி நேரப் பதிவைப் பார்த்தாலே தெரியும், ஒரு மாதத்தில் ஒரே வெற்றிடம். பிள்ளை, டீம் லீட், கல்லூரி மூவரும் இருக்கும் முன்னேற்றச் சந்திப்பில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கட பிள்ளையள் அங்கே "ஓம், எல்லாம் ஓகே" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். நானும் அந்த ரகம்தான்.

இன்னொன்று. "பயிற்சிக் கூட்டு" என்று போடும் எல்லாமே அப்ரென்டிஸ்ஷிப் இல்லை. ஸ்கில்ஸ் பூட்கேம்ப் என்று 16 வாரம் வரை ஓடுவதும் இருக்குது. அதன் முடிவில் கிடைப்பது ஒரு நேர்காணல், வேலை இல்லை. இரண்டுக்கும் கைகுலுக்கும் படம் ஒன்றுதான். "யார் எனக்குச் சம்பளம் தருவது, எந்த நாளிலிருந்து?" என்று கேட்டால் எது எது என்று தெரிந்துவிடும்.

புதுசா எழுதினேன்:

"இரண்டு வருட அப்ரென்டிஸ்ஷிப். முதல் நாளிலிருந்து எங்கள் ஊழியர், எங்கள் சம்பளம்; படிப்பு வேலை நேரத்திலேயே, கட்டணம் இல்லை. எங்கள் லெவிப் பணம் பயிற்சிக்குப் போகிறது. பயிற்சி முடிந்தால்தான் கல்லூரிக்கு முழுப் பணம்."

மனேஜர் கடைசி வசனத்தை வெட்டிவிட்டார். "எங்கட கணக்கு ஆக்களுக்கு ஏன்?" என்றார். "படிப்பு வேலை நேரத்திலேயே" என்பதையும் எடுக்கப் பார்த்தார். அதுக்கு மட்டும் நான் விடேல்லை. இப்போது அந்த வரியின் ஸ்க்ரீன்ஷொட் சித்தி மகனின் ஃபோனில் இருக்கிறது. டீம் லீட்டுக்குக் காட்டவாம்.