ஐந்து வருடக் கணக்கும் அதற்குப் பிந்தைய ஒரே வரியும்

ஒரு கம்பெனி இனிமேல் சம்பாதிக்கப்போகும் ரொக்கம் முழுவதையும் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டினால், அதுதான் அந்தக் கம்பெனியின் மதிப்பு. 1938-இல் ஜான் பர் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் தன் நூலில் இதை விரிவாக வாதிட்டார். இன்று பங்கு ஆய்வறிக்கைகளில் வரும் டிஸ்கவுன்டட் கேஷ் ஃப்ளோ கணக்கின் அடிப்படையும் இதுதான்.

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அதன் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ வேண்டும். வரி போன தொழில் லாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, புது இயந்திரங்களுக்குப் போகும் பணத்தையும், சரக்கிலும் வராத பாக்கியிலும் கூடுதலாக முடங்கும் பணத்தையும் கழித்தால் கையில் மிஞ்சுவது அது. அடுத்த வருடம் 10 கோடி ரூபாய் மிஞ்சும், பிறகு வருடத்துக்கு 10% வளரும் என்று கொண்டால், ஐந்தாம் வருடத்தில் 14.64 கோடி.

அடுத்தது, வருங்காலப் பணத்தை இன்றைக்கு மாற்றுவது. இதே அளவு ரிஸ்க் உள்ள தொழிலில் பணம் போடுகிறவர் எதிர்பார்க்கும் வருமானம் 12% என்றால், முதல் வருடப் பணத்தை 1.12-ஆல் ஒரு முறையும், ஐந்தாம் வருடப் பணத்தை ஐந்து முறையும் வகுக்க வேண்டும். ஐந்து வருடப் பணமும் சேர்ந்து இன்றைக்கு 43 கோடி.

ஆனால் தொழிற்சாலை ஆறாம் வருடம் கதவை மூடப்போவதில்லை. அதற்குப் பின் வரும் எல்லா வருடங்களுக்கும் சேர்த்து ஒரே தொகை போடுகிறார்கள். அதுதான் டெர்மினல் வேல்யூ. என்றென்றைக்கும் 5% வளரும் என்று கொண்டால், ஆறாம் வருட ரொக்கமான 15.37 கோடியை 12-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 7%-ஆல் வகுக்க, 219.6 கோடி வரும். இன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 125 கோடி. மொத்தம் 168 கோடி. கடன் 30 கோடியைக் கழித்து, 1 கோடி பங்குகளால் வகுத்தால் ஒரு பங்கு 138 ரூபாய்.

அந்த 168-இல் 125 கோடி, அதாவது முக்கால் பங்கு, ஒரே வரியிலிருந்து வந்திருக்கிறது. ஐந்து வருட விற்பனை, கூலி, செம்பு விலை என்று அனலிஸ்ட் பக்கம் பக்கமாகக் கணித்ததெல்லாம் மீதிக் கால் பங்குக்குத்தான். மூன்றாம் வருட ரொக்கத்தை மட்டும் 10% தவறாகப் போட்டிருந்தால் மதிப்பு மாறுவது ஒரு கோடிக்கும் குறைவு. நிரந்தர வளர்ச்சியை 5-இலிருந்து 6 ஆக்கினால் 22 கோடி கூடுகிறது, பங்கு 160 ரூபாய் ஆகிறது. 7 என்றால் 191. தொழிற்சாலையில் ஒரு ஆணிகூட மாறவில்லை. காரணம் அந்த வகுத்தலில் இருக்கிறது. 7%-ஆல் வகுப்பதும் 5%-ஆல் வகுப்பதும் ஒன்றல்ல. வளர்ச்சி 12-ஐ நெருங்க நெருங்க விடை எல்லையில்லாமல் ஊதும்.

இதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறார் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன். ரிஸ்க் இல்லாத அரசுக் கடன் பத்திரத்தின் வட்டியைவிட நிரந்தர வளர்ச்சி அதிகமாக இருக்கக்கூடாது என்பது அவர் விதி. பொருளாதாரத்தைவிட வேகமாக முடிவேயின்றி வளரும் கம்பெனி ஒருநாள் பொருளாதாரத்தையே விழுங்கிவிடும். அது நடக்காத காரியம்.

என் பார்வையில் அதைவிடப் பெரிய பிழை வேறொன்று. வளர்ச்சி சும்மா வராது. நம் தொழிற்சாலையின் ஆறாம் வருட லாபம், வரி போக, 26.35 கோடி என்று கொள்வோம். புதிதாகப் போடும் முதலீடும் 12%தான் ஈட்டும் என்றால், 5% வளர லாபத்தில் பன்னிரண்டில் ஐந்து பங்கை, அதாவது 10.98 கோடியைத் தொழிலிலேயே போட வேண்டும். மிஞ்சுவது 15.37 கோடி. 7% வளர வேண்டுமா? பன்னிரண்டில் ஏழு பங்கு போய்விடும், மிஞ்சுவது 10.98 கோடிதான். அதை 5%-ஆல் வகுத்துப் பாருங்கள்: மறுபடியும் 219.6 கோடி! முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருமானத்தைவிட அதிகமாகப் புது முதலீடு ஈட்டினால் ஒழிய, வளர்ச்சி மதிப்பைக் கூட்டாது. 191 ரூபாய் என்ற விலை, இயந்திரம் வாங்காமலே உற்பத்தி பெருகும் என்ற அனுமானத்தில் பிறந்தது.

ஆகவே ஓர் அறிக்கை கையில் கிடைத்தால், இலக்கு விலைக்கு முன் மூன்றைத் தேடுங்கள். மொத்தத்தில் டெர்மினல் வேல்யூ எத்தனை சதவீதம்? அது கடைசி வருட ரொக்கத்தைப் போல எத்தனை மடங்கு? நம் கணக்கில் 5%-க்கு 15 மடங்கு, 7%-க்கு 21 மடங்குக்கும் மேல். நிதானமாக வளரும் இதே தொழில் கம்பெனிகள் சந்தையில் அந்த விலைக்குப் போகின்றனவா என்று ஒப்பிடலாம். மூன்றாவதாக, நிரந்தர வளர்ச்சியை உயர்த்திய இடத்தில் முதலீட்டுச் செலவையும் உயர்த்தியிருக்கிறார்களா? பல அறிக்கைகளில் அந்தச் செலவு, தேய்மானத்துக்குச் சமமாக அப்படியே விடப்பட்டிருக்கும்.