கடைமடை வயலும் ஒரு மின்னஞ்சலும்

சிறிய கேம் வெளியீட்டு நிறுவனங்களுக்கு வரும் மின்னஞ்சல்களை ஓரிருவர்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். மாணவர் குழு ஒன்று தன் விவசாய விளையாட்டை வெளியிடக் கேட்டு எழுதினால், "ஏற்கெனவே இருப்பதிலிருந்து இது எப்படி வேறு?" என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். 2009இல் ஃபார்ம்வில், 2012இல் ஹே டே, 2016இல் ஸ்டார்டியூ வேலி என விதைத்து அறுக்கும் விளையாட்டுகள் பல வந்துவிட்டன. "அழகான கிராமம், மனதுக்கு இதமான விளையாட்டு" என்ற வரி இதற்குப் பதிலாகாது.

நான்கு மாணவர்கள் நெல் வயலை வைத்து ஒரு விளையாட்டைச் செய்திருப்பதாகக் கொள்வோம். கடிதத்தின் முதல் வரி இப்படி இருக்கலாம்: "கடைமடையில் நிலம் வைத்திருப்பவர், மேல்மடைக்காரர்களிடம் முறை பேசித் தண்ணீர் வாங்கி ஒரு போகம் எடுக்கும் விளையாட்டு இது." ஆடுபவரின் வேலையும் அவருக்குள்ள சிக்கலும் இதில் வந்துவிடுகின்றன. அதன் கீழேயே அரை நிமிட வீடியோவும், போனில் ஆடிப் பார்க்கச் சோதனைப் பதிப்பின் இணைப்பும் வேண்டும். வீடியோ குழுவின் சின்னத்தோடு தொடங்காமல், மடை திறந்து வயலில் நீர் பரவும் காட்சியோடு தொடங்கட்டும். இணைப்பைத் தொட்டதும் அனுமதி கேட்டு நின்றால், படிப்பவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்.

அடுத்தது சான்று. "நண்பர்களுக்குப் பிடித்தது" என்பது சான்றல்ல. முன்பின் தெரியாத 40 பேர் ஆடினார்கள், மறுநாள் 14 பேரும் ஏழாம் நாள் 5 பேரும் திரும்பி வந்தார்கள் என்றால் அது சான்று. நாற்று நடும் கட்டத்தில்தான் பலர் விலகினார்கள், அதைச் சுருக்கி வருகிறோம் என்று சேர்த்துச் சொன்னால் நம்பிக்கை கூடும். குறையை மறைத்தாலும் சோதனைப் பதிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

பணத்தைப் பற்றி எழுதத்தான் மாணவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். ஆனால் எவ்வளவு, எதற்கு, எத்தனை மாதத்துக்கு என்பது கடிதத்திலேயே இருக்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள், விளையாட்டின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் பிளே 2021இல் ஆண்டின் முதல் 10 லட்சம் டாலர் வருவாய்க்குக் கட்டணத்தை 15 சதவீதமாகக் குறைத்தது. அந்தக் கணக்கில், வரியை விட்டுவிட்டால், ஒரு பிரதிக்கு 85 ரூபாய் மிஞ்சும். போட்ட முதலை வெளியீட்டாளர் முதலில் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தமானால், சுமார் 3,530 பிரதிகள் விற்ற பிறகே பங்கு பிரிப்பது தொடங்கும். இதைப் போட்டுப் பார்க்காமல் தொகை கேட்கக் கூடாது.

கடைசியாக உரிமை. கல்லூரித் திட்டமாகச் செய்த விளையாட்டில் கல்லூரிக்கும் பங்கு உண்டா என்பதை அதன் விதிகளில் பார்த்து, எழுத்தில் வாங்க வேண்டும். ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் மென்பொருளை வணிக வேலைக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. அதில் செய்த மாடும் வண்டியும் விளையாட்டில் இருந்தால், கடிதம் அனுப்பும் முன்பே அவற்றை மாற்றிவிட வேண்டும்.