ஓங்கிய சம்மட்டி எந்தப் பக்கம் விழும்?

சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ராட்சதன் வருகிறான். ஆடுபவர் விலகுவதற்காகப் பொத்தானை அழுத்துமுன் அடி விழுந்துவிடுகிறது. ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்வார். திரும்பத் திரும்ப இதே நடந்தால் "இது அநியாயம்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார். வீடியோ கேம் ஸ்டுடியோக்களின் சோதனை ஆட்டங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெரும்பாலும் இதற்குக் காரணம் அடியின் பலம் அல்ல, அடிக்கு முந்தைய அரை நொடி. அந்த அரை நொடியைச் சரிசெய்யச் சொல்லித்தான் கேம் டிசைனர் அனிமேட்டருக்குக் குறிப்பு எழுதுகிறார்.

அடிக்குமுன் எதிரி காட்டும் அசைவைத் துறைக்காரர்கள் 'டெலிகிராஃப்' என்கிறார்கள். தோளைப் பின்னுக்கு இழுப்பது, வாளை உயர்த்துவது, வாயைத் திறப்பது எல்லாமே அதுதான். நின்டெண்டோவின் 'பஞ்ச்-அவுட்' குத்துச்சண்டை விளையாட்டு இந்த முன்னறிகுறிகளை நம்பியே நின்றது. 1984-இல் வந்த அதன் ஆர்கேட் பதிப்பில் ஆடுபவரின் வீரனைப் பச்சைக் கம்பிக்கூடுபோல வரைந்திருந்தார்கள். அவன் முதுகுக்கு ஊடாக எதிராளியின் அசைவு தெரிய வேண்டும் என்பதே காரணம். 1987-இல் வீட்டுக் கருவிக்கு வந்தபோது வீரனையே குள்ளமாக்கி, எதிராளியை அவன் தலைக்குமேல் முழுதாகத் தெரியும்படி நிறுத்தினார்கள். எதிரியின் உடல் தெரியாவிட்டால் அங்கே ஆட்டமே இல்லை.

இன்றைய ஒரு முப்பரிமாண விளையாட்டில் அந்தக் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நம் ராட்சதனையே எடுத்துக்கொள்வோம். அவனிடம் இரண்டு அடிகள் உண்டு. ஒன்று, தலைக்குமேலிருந்து நேராக இறங்கும் அடி. அதற்குப் பக்கவாட்டில் விலக வேண்டும். இன்னொன்று, இடுப்பு உயரத்தில் குறுக்கே சுழற்றும் அடி. அதற்குப் பின்னால் பாய வேண்டும். தவறான பக்கம் நகர்ந்தால் அடி நிச்சயம்.

இரண்டுக்கும் அனிமேட்டர் 30 ஃபிரேம் ஓங்கலைக் கொடுத்திருக்கிறார். ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் அது சரியாக அரை நொடி. காகிதத்தில் போதுமான நேரமாகவே தெரியும். ஆனால் ஓங்கலை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் விஷயம் வேறு. முதல் 16 ஃபிரேமில் இரண்டு அடியும் ஒரே மாதிரி இருக்கின்றன: உடல் மெல்லச் சாய்கிறது, சம்மட்டி மெல்ல எழுகிறது. எந்த அடி என்பது 17-ஆவது ஃபிரேமில்தான் பிரிகிறது. மிச்சம் 14 ஃபிரேம், அதாவது கால் நொடிக்கும் குறைவு. வேகப்பந்து வீச்சாளரின் ஓட்டமும் கைச்சுழற்சியும் ஒன்றாகவே இருந்து, பந்து கையை விட்ட பிறகுதான் அது மெதுவான பந்து என்று மட்டையாளருக்குத் தெரிவதைப் போன்ற நிலை இது.

திரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததும் ஒரே பொத்தானை அழுத்துவதற்கே மனிதருக்குக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். இரண்டில் எது என்று தேர்ந்து அழுத்த இன்னும் கூடுதலாகும். அதன்மேல் கன்ட்ரோலர், டிவி ஆகியவற்றின் தாமதம் வேறு. ஆக, இந்த ராட்சதனைப் பார்த்துத் தப்ப முடியாது, ஊகித்துத்தான் தப்ப முடியும். குறிப்பின் முதல் வரி இதைத்தான் சொல்கிறது: "ஓங்கல் எத்தனை ஃபிரேம்னு பாக்காதீங்க. எந்த ஃபிரேம்ல அடி எதுன்னு தெரியுதோ, அங்கேருந்து எண்ணுங்க."

தீர்வும் அங்கேயே கிடைக்கிறது. உச்ச நிலையை 8-ஆவது ஃபிரேமிலேயே எட்டிவிட வேண்டும். பிறகு அப்படியே நிறுத்திப் பிடிக்க வேண்டும். டிசைனரும் தன் பங்குக்கு 6 ஃபிரேம் கூடுதலாகத் தருகிறார். மொத்த ஓங்கல் 36 ஆகிறது. அதில் 28 ஃபிரேம், ஏறத்தாழ அரை நொடி, ஆடுபவருக்குக் கிடைக்கிறது. அடி விழும் வேகத்தில் கைவைக்கத் தேவையில்லை. சம்மட்டி 4 ஃபிரேமிலேயே இறங்கலாம், அந்த மூர்க்கம் அப்படியே இருக்கும்.

இதற்கு அனிமேட்டர் மறுப்புச் சொல்வார். அதில் நியாயமும் உண்டு. பெரிய சம்மட்டியை 8 ஃபிரேமில் தூக்கினால் அது அட்டைபோல லேசாகத் தெரியும். அந்தக் கனத்தை வேறு இடங்களில் காட்டலாம். உச்சத்தில் பிடித்திருக்கும்போது முழங்கால் சற்று மடங்கட்டும், சம்மட்டியின் தலை கொஞ்சம் பின்னுக்கு இறங்கட்டும், தோள் நடுங்கட்டும். போஸ் கலையாமல் உயிர் மட்டும் இருக்கும். அடி விழுந்த பிறகு சம்மட்டி தரையில் புதைந்து, அவன் அதைப் பிடுங்க முக்கால் நொடி போராடட்டும். கனமும் தெரியும், ஆடுபவருக்குத் திருப்பி அடிக்க இடைவெளியும் கிடைக்கும்.

அடுத்த சிக்கல் கேமரா. அனிமேட்டர் தன் திரையில் உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துத்தான் பெரும்பாலும் வேலை செய்கிறார். அங்கிருந்து பார்க்கும்போது பின்னுக்கு இழுத்த சம்மட்டி பிரமாதமாகத் தெரியும். விளையாட்டிலோ கேமரா ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ராட்சதன் நேருக்கு நேர் நிற்கிறான். குறுக்கடிக்காக இழுத்த சம்மட்டி அவன் உடம்புக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. விளையாட்டின் கேமராவிலிருந்து, சண்டை நடக்கும் தூரத்தில் வைத்து, உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கறுப்பு நிழலுருவிலும் இரண்டு அடிகளும் வேறுவேறாகத் தெரிய வேண்டும். நேரடிக்குச் சம்மட்டி தலைக்கு மேலே நெடுக்காக எழட்டும். குறுக்கடிக்கு முழங்கை வெளியே துருத்தி, சம்மட்டி உடலைத் தாண்டிப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் விளையாட்டுக்குள் போட்டால் ஓங்கல் மங்கலாகத் தெரியலாம். அங்கே குற்றம் அனிமேட்டருடையது அல்ல. நடையிலிருந்து அடிக்கு மாறும்போது என்ஜின் இரண்டு அசைவுகளையும் கலந்து மென்மையாக்குகிறது. அந்தக் கலப்பு 0.2 நொடி என்று வைத்திருந்தால் 12 ஃபிரேம் அதிலேயே போய்விடும். 8-ஆவது ஃபிரேமில் எட்டவேண்டிய போஸ் முழுதாகத் தெரிய 12 ஆகிவிடும். புரோகிராமரிடம் சொல்லிக் கலப்பை 3 ஃபிரேமாகக் குறைப்பதும், உருவம் வெட்டிக் குதிப்பதுபோல் தெரியாதிருக்க முதல் ஃபிரேமை நடைக்கு நெருக்கமாக வைப்பதும் சேர்ந்து நடக்க வேண்டிய வேலைகள்.

ஒளிரும் வட்டமோ சிவப்புக் குறியோ போட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். 2019-இல் வந்த 'செகிரோ' விளையாட்டில் அப்படி ஒரு குறி உண்டு. சாதாரணமாகத் தடுக்க முடியாத அடி வரும்போது ஆபத்தைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து சிவப்பாக மின்னும். ஆனால் குத்து, காலைவாரும் வீச்சு, பிடி மூன்றுக்கும் அதே எழுத்துதான். குத்தை எதிர்கொள்ள முன்னேற வேண்டும், வீச்சுக்கு எம்பிக் குதிக்க வேண்டும். எது வருகிறது என்பதை எதிரியின் உடலைப் பார்த்துத்தான் அறிய முடியும். குறி கண்ணை இழுக்கும்; பதில் அனிமேட்டர் வரைந்த உடலில் இருக்கிறது.

ஓங்கலை வைத்தே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. 'எல்டன் ரிங்' (2022) விளையாட்டின் மார்கிட் தடியை உயர்த்தி எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் பிடித்திருப்பான். பதறி முன்கூட்டியே உருண்டவருக்கு அடி விழும். அங்கே ஓங்கல் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அதைப் பார்த்து விலகக் கூடாது. கை இறங்கத் தொடங்கும் அசைவே விலகுவதற்கான அறிகுறி. இப்படி ஒரு எதிரி வேண்டுமென்றால் அந்த இரண்டாம் அசைவையும் உச்ச போஸைப் போலவே கவனமாகப் பிரித்துக் காட்டும்படி குறிப்பில் எழுத வேண்டும். வெறுமனே "கொஞ்சம் தாமதமாக்குங்கள்" என்று எழுதினால் அனிமேட்டருக்கு ஒன்றும் புரியாது.

திருத்திய அடியைச் சோதிக்க, அதைப் பார்த்திராத ஒருவரை உட்காரவைத்து 10-ஆவது ஃபிரேமில் நிறுத்தி "என்ன அடி வரப்போகிறது?" என்று கேட்டால் போதும். இரண்டு அடிகளையும் தயக்கமின்றிப் பிரித்துச் சொன்னால் வேலை முடிந்தது. இத்துறைக்கு வர நினைக்கும் இளம் அனிமேட்டர்கள், எதிரியின் முதல் போஸை அமைக்குமுன்பே விளையாட்டின் கேமராவைத் தங்கள் கோப்பில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரும் குறிப்புகளில் பாதி குறைந்துவிடும்.