“அக்கா, என்ர பார்சல் எங்க?”

யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்தபடி வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி ஆகியவற்றை வட்ஸ்அப் வழியாக விற்கிறேன். பொருளை விசாரிப்பவர்களைவிட, அனுப்பிய பொருள் எங்கே என்று கேட்பவர்களே அதிகம். அடுப்பில் மிளகாய் வறுபடும்போது தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுத முடியாது. விட்டால் மிளகாய் கருகும். அதனால் வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் `Quick replies` என்ற பகுதியில் ஒரு பதிலைச் சேமித்து வைத்தேன். தட்டச்சு செய்யும் இடத்தில் `/sent` என்று போட்டு, காட்டும் பதிலைத் தட்டினால் முழு வசனமும் வந்து நிற்கும். அந்த வசனம் இதுதான்:

“உங்கள் பார்சல் அனுப்பப்பட்டுவிட்டது. 2–3 நாட்களில் கிடைக்கும். நன்றி.”

பல மாதங்கள் இதையே எல்லாருக்கும் அனுப்பினேன். பிரச்சினை வத்தளையில் இருந்து வந்தது. கனடாவில் இருந்து வந்திருந்த தம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறார், அவர் கொண்டுபோக 2 கிலோ மிளகாய்த்தூள் வேண்டும் என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். திங்கட்கிழமை கூரியரில் கொடுத்தேன். பொருள் கையில் கிடைத்ததும் காசு கொடுக்கும் முறை. புதன்கிழமை கேட்டார். `/sent` அனுப்பினேன். வியாழன் கேட்டார், மறுபடியும் அதையே அனுப்பினேன். வெள்ளி மாலை அவர் எழுதியது: “தங்கச்சி, நீங்கள் பார்த்துச் சொல்லுறீங்களா, சும்மா சொல்லுறீங்களா?”

அப்போதுதான் கூரியரின் இணையப் பக்கத்தில் பற்றுச்சீட்டு இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். புதன்கிழமையே பார்சலைக் கொண்டுபோக முயன்று, தொலைபேசி தொடர்பு கிடைக்காததால் கிளைக்குத் திருப்பி எடுத்திருந்தார்கள். குரல் பதிவில் அவர் சொன்ன இலக்கத்தை எழுதும்போது கடைசிக்கு முந்தைய இலக்கத்தை நான் பிழையாக எழுதியிருக்கிறேன். புதனன்று பார்த்திருந்தால் ஓர் அழைப்பில் சரியாகியிருக்கும். வெள்ளி மாலை கிளையில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. சனிக்கிழமையும் கொண்டுபோகவில்லை. தம்பி வெறும் கையோடு போனார். அடுத்த கிழமை பார்சல் என்னிடமே திரும்பி வந்தது, போய்வந்த இரண்டு செலவும் என் தலையில்.

பிழை இலக்கத்தோடு முடிந்திருந்தால் அது சிறிய தவறு. அதை மூன்று நாட்கள் மறைத்தது நான் சேமித்து வைத்த பதில். கேள்வி வரும்போது பார்சலைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பையே அது எனக்கு இல்லாமல் செய்துவிட்டது.

சேமித்த பதில்களை நான் கைவிடவில்லை, மாற்றி எழுதினேன். “பார்சல் எங்க?” என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குப் பின்னால் நான்கு நிலைமைகள் இருக்கின்றன. பொருள் இன்னும் என் வீட்டில் இருக்கலாம். கூரியரின் கையில் ஓடிக்கொண்டிருக்கலாம். கொண்டுபோய்க் கொடுக்க முடியாமல் கிளையில் கிடக்கலாம். அல்லது சொன்ன நாள் கடந்தும் எந்த அசைவும் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில்: `/pack`, `/sent`, `/try`, `/late`. செயலி 50 பதில்கள் வரை சேமிக்க விடும். எனக்கு இந்த நான்கும் போதும். எதை அனுப்புவது என்று தெரிய வேண்டுமானால் முதலில் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நான்காகப் பிரித்ததன் உண்மையான பயன் அதுதான்.

புதிய `/sent` இப்படி இருக்கிறது:

“வணக்கம். உங்கள் பார்சலை ### அன்று கூரியரில் கொடுத்தேன். இலக்கம் ###. இப்போது ### கிளையில் இருப்பதாகக் காட்டுகிறது. ### மாலைக்குள் வராவிட்டால் நீங்கள் கேட்கத் தேவையில்லை, நானே விசாரித்து எழுதுவேன்.”

முதலில் இடைவெளிகளை வெறும் கோடாக விட்டிருந்தேன். அவசரத்தில் கண்ணில் படாமல் அப்படியே போய்விடும். ### போட்டால் கண்ணில் குத்தும். என்றாலும் ஒருமுறை தவறிப்போய், “### எண்டால் எந்தக் கிழமை அக்கா?” என்று மன்னாரில் இருந்து ஒரு தம்பி கேட்டார். நல்ல காலம், சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

“2–3 நாட்கள்” என்ற சொல்லை எடுத்துவிட்டேன். நான் கூரியரில் கொடுத்த நாளில் இருந்து எண்ணுகிறேன், வாடிக்கையாளர் ஓடர் கொடுத்த நாளில் இருந்து எண்ணுகிறார். நடுவில் ஞாயிறும் போயாவும் வரும். பின்னேரம் வண்டி போனபிறகு கொடுத்த பார்சல் அடுத்த நாள்தான் யாழ்ப்பாணத்தை விட்டே கிளம்பும். இதையெல்லாம் நானே கணக்குப் பார்த்து, “வியாழன் மாலைக்குள்” என்று ஒரு கிழமையைச் சொன்னால் இருவரும் ஒன்றையே எதிர்பார்க்கிறோம். அந்தக் கிழமையைச் சேமித்த வசனத்துக்குள் எழுதி வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கையால்தான் போட வேண்டும். “நாளை” என்று சேமித்து வைத்தால் அது என்றைக்கும் நாளையாகவே இருக்கும்.

`/try` தான் உண்மையில் பார்சலைக் காப்பாற்றுகிறது:

“கூரியர்காரர் ### அன்று வந்து உங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் திரும்பியிருக்கிறார். என்னிடம் உள்ள உங்கள் இலக்கம் ###. இது சரியா? சரியென்றால் நாளை எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள்?”

இலக்கத்தை முழுமையாக எழுதிக் காட்டுவது முக்கியம். “உங்கள் இலக்கம் சரியா?” என்று மட்டும் கேட்டால் எல்லாரும் சரி என்றே சொல்வார்கள். பிழை என் கொப்பியில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இலக்கம் சரியாக இருந்தும் அழைப்பை எடுக்காதவர்களும் உண்டு. தெரியாத இலக்கத்துக்குப் பதில் சொல்லப் பலர் விரும்புவதில்லை. கூரியர்காரரின் இலக்கம் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

`/late` ஒரே வசனம்: “சொன்ன நாளுக்கு வரவில்லை, மன்னிக்கவும். இன்று ### மணிக்குள் விசாரித்துச் சொல்கிறேன்.” அந்த நேரத்துக்குள் எதுவும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதுகிறேன். அதையும் எழுதாமல் விட்டால் முதல் செய்தியும் பொய்யாகிவிடும்.

சிங்களத்தில் எழுதும் வாடிக்கையாளர்களுக்காக இந்த நான்கையும் சிங்களம் தெரிந்த நண்பி ஒருத்தியிடம் எழுதி வாங்கி `/sent2` என்ற மாதிரி வைத்திருக்கிறேன். ஆனால் பதிலுக்கு அவர்கள் வேறொன்று கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். அப்போது அவளுக்குத்தான் அழைப்பு எடுக்கிறேன்.

இவை எதுவும் உதவாத ஓர் இடம் இருக்கிறது. அதே ஆள் அதே பார்சலைப் பற்றி இரண்டாவது முறை கேட்டால் சேமித்த பதில் போடுவதில்லை, அழைக்கிறேன். ஒரே வசனம் இரண்டு முறை வந்தால் அதை யாரும் பார்த்து எழுதவில்லை என்று எவருக்கும் புரியும். வத்தளை அக்காவுக்கு அது மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. திரும்பி வந்த அந்த 2 கிலோவைப் பிறகு அவருக்கே அனுப்பிவைக்கலாமா என்று கேட்டேன். தம்பி போய்விட்டார், இனி எதற்கு என்றார். இரண்டு மாதம் கழித்து அரைக் கிலோ ஒடியல் மா கேட்டு எழுதியிருந்தார். இலக்கத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பார்சலைக் கட்டினேன்.